அவளுக்காக நான் கொடுத்த சம்மதம்

நான் படித்தவன். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குக் கற்பித்து, பள்ளிக்கூட அதிபராக ஓய்வு பெற்றவன். ஆங்கிலத்தில் எழுதிய எந்தத் தாளையும் வாசித்து விளங்கிக்கொள்ளக் கூடியவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்த பிழைக்கு, விளங்காமல் செய்தேன் என்ற சாட்டு எனக்கு இல்லை.

ஊர் யாழ்ப்பாணம். உத்தியோகம் என்னைப் புளத்கொகுபிட்டியவுக்குக் கொண்டுவந்தது. இரண்டு வருடத்தில் மாற்றம் கேட்பதாக இருந்தேன். கேட்கவில்லை. இப்போது கடைத்தெரு முடிந்து தோட்டத்துப் பாதை ஏறத் தொடங்கும் இடத்தில் எனக்கும் மனைவிக்கும் ஒரு சிறிய வீடு இருக்கிறது. மேலே றப்பர், அதற்கும் மேலே தேயிலை, நடுவில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள்.

லயத்துக்குக் கடிதம் நேராகப் போவதில்லை. தோட்டத்து ஆபீசுக்குப் போய், அங்கே கிடந்து, யாராவது அந்தப் பக்கம் போனால் கையில் வந்து சேரும். நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம் பரீட்சை முடிந்த பிறகு வந்த கதை அந்த டிவிஷனில் பல வீடுகளில் உண்டு. ஆகவே வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் என் வீட்டு விலாசத்தைப் போடுவது வழக்கமாயிற்று. பிறகு தொலைபேசி வந்தது. விலாசத்தோடு என் நம்பரையும் போட்டார்கள். கொழுந்து எடுக்கும் நேரத்தில் மலையில் சிக்னல் கிடைக்காது, மாஸ்டர் வீட்டில்தானே இருப்பார் என்ற எண்ணம். பேங்க், கடை, கார்மெண்ட், செக்கியூரிட்டி என்று எல்லோரும் எனக்கே எடுப்பார்கள். நான் குடையை எடுத்துக்கொண்டு மேலே போய்ச் செய்தி சொல்லுவேன். அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்கும். ஆனால் நெஞ்சு நிமிர்ந்திருக்கும்.

இது சேவைதான். ஆனால் சேவை என்று மட்டும் சொன்னால் பொய். என்னைக் கேட்காமல் மேலே ஒருவருக்கும் வேலை கிடைக்காது என்கிற நினைப்பு எனக்கு வெல்லம் மாதிரி இருந்தது.

அந்தப் பெண்ணுக்கு அப்போது இருபத்தேழு வயது. அப்பா றப்பர் பால் வெட்டி ஓய்ந்தவர், அம்மா இன்னும் கொழுந்துக்குப் போகிறவர். உயர்தரம் முடித்துவிட்டு, டவுனில் ஒரு போன் கடையில் நான்கு வருடமாக நின்றுகொண்டிருந்தாள். அந்தக் கடையில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் வந்து அவளிடம்தான் நிற்பார்கள். அவள் சிங்களம் பேசினால் கண்ணை மூடிக் கேட்கிறவருக்கு அவள் யாரென்று தெரியாது. திரும்பி அடுத்தவருடன் தமிழ் பேசுவாள். இந்தத் திறமைக்குக் கொழும்பில் என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படிப் பேசுகிறவர்கள்தானே என்று நினைத்தேன்.

கொழும்பில் ஒரு ஆட்சேர்ப்பு ஏஜென்சி, வாடிக்கையாளர்களுடன் போனில் பேசத் தமிழும் சிங்களமும் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்று பேஸ்புக்கில் போட்டிருந்தது. அவள் பயோடேட்டா எழுத வந்தாள்.

"மாஸ்டர், போன் நம்பர் என்னோடத போடுங்க. இப்ப நான் கடையிலதான இருக்கேன், சிக்னல் இருக்கு."

"ஓம், ஓம்," என்றேன்.

ஆனால் எழுதும்போது மேலே என் நம்பரையும் கீழே, மற்றத் தொடர்பு என்ற இடத்தில், அவளுடையதையும் போட்டேன். ஒரு ஓய்வு பெற்ற அதிபரின் குரல் கேட்டால் அவர்களுக்கு மரியாதை வரும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அவள் அதைக் கவனிக்காமல் அனுப்பிவிட்டாள். நான் எழுதியதைச் சரிபார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது. அதிபர் எழுதியதல்லவா.

மூன்றாம் நாள் காலை பத்து மணியளவில் ஏஜென்சியிலிருந்து அழைப்பு வந்தது. இளைஞர் ஒருவரின் குரல். இவ்வளவு இனிமையாக என்னை யாரும் சேர் என்று கூப்பிட்டுப் பல காலம்.

"சேர், நல்லா இருக்கீங்களா? சேர் டீச்சரா இருந்தவங்களா? குரல்லயே தெரியுது சேர்."

அவ்வளவுதான். நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

பிள்ளை எப்படிப்பட்டவள் என்று கேட்டார். புகழ்ந்தேன். குடும்பம் எப்படி என்று கேட்டார். அப்பாவுக்கு முழங்கால் ஏலாது, தம்பி படிக்கிறான், கஷ்டப்பட்ட சனம் என்றேன். எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறார் என்று கேட்டார். "நீங்கள் பார்த்துத் தாறதுதான், தம்பி. அவையள் ஒண்டும் கேக்க மாட்டினம்," என்றேன். வேறு எங்காவது விண்ணப்பித்திருக்கிறாரா என்று கேட்டார். "இல்லை, உங்களைத்தான் நம்பியிருக்கிறம்," என்றேன். உடனே வேலைக்கு வர முடியுமா? முடியும். சான்றிதழ்களின் ஒரிஜினலைக் கொண்டுவந்து ஒப்படைக்க முடியுமா? முடியும்.

பிற்காலத்தில் இந்த உரையாடலை நானே மனதில் பலமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அந்த இளைஞர் கெட்டவர் அல்ல. அவருக்கு வேண்டியது நான்கு விஷயம்: இந்த ஆள் எவ்வளவு மலிவு, எவ்வளவு சீக்கிரம் வருவார், வேறு யார் கையிலாவது இருக்கிறாரா, கடைசி நேரத்தில் நழுவிவிடுவாரா. அதைக் கேட்டு அறிவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். ஆள் வேலையில் சேர்ந்தால்தான் கம்பெனி ஏஜென்சிக்குக் கட்டணம் கொடுக்கும். அவர் தன் வேலையைச் செய்தார். எங்கள் பக்கத்தில் யாரும் தங்கள் வேலையைச் செய்யவில்லை. நான் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை.

பேச்சு முடிந்ததும் வாட்ஸப்பில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லி, அந்தப் பதவிக்கு என் சார்பில் விண்ணப்பிக்க இந்த ஏஜென்சிக்கு மட்டுமே அனுமதி அளிக்கிறேன், சம்மதம் என்றால் யெஸ் என்று பதில் அனுப்பவும் என்றிருந்தது. வாசித்தேன். 'மட்டுமே' என்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். 'என் சார்பில்' என்பதில் வரும் 'என்' நான் அல்ல என்பதும் தெரியும். யெஸ் என்று அனுப்பினேன். இரண்டு விரல்களால் தட்டி அனுப்பிவிட்டு, ஏதோ சாசனத்தில் கையெழுத்திட்ட மாதிரி நிமிர்ந்தேன்.

மனைவி குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கே வேலை கிடைச்ச மாதிரித் துள்ளுறியள். அந்தப் பிள்ளையை ஒரு சொல்லுக் கேட்டியளோ?"

"அவளுக்கு என்ன தெரியும்?" என்றேன்.

அன்று அந்தப் பிள்ளைக்குக் கடை லீவு. குடையோடு ஏறிப் போனேன். அவள் லயத்து வாசலில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டுப் பகல் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்.

"பிள்ளை, வேலை சரிவந்திட்டுது," என்றேன்.

அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். மகள் கும்பிடவில்லை. வாயில் இருந்த உடுப்புக் கிளிப்பை எடுத்தாள்.

"எந்தக் கம்பெனி மாஸ்டர்?"

வாட்ஸப்பில் பார்த்த பெயர் மறந்துவிட்டது. "பெரிய கம்பெனி," என்றேன்.

"லெட்டர் யாரு தருவாங்க, கம்பெனியா ஏஜென்சியா?"

"அது… ரெண்டுபேரும்தான்."

"பெர்மனன்டா, ஆறு மாசமா?"

"கேக்கேல்லை."

"சிப்ட் எத்தன மணிக்கு?"

"அதுவும்…"

"தங்குறதுக்கு போர்டிங் அவங்க பாக்குறாங்களா?"

நான் குடையை விரித்து மடக்கினேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப மாஸ்டர் என்னதான் கேட்டீங்க?"

"அவர்தான் கேட்டவர்."

"சரியாப் போச்சு! அம்மா, மாஸ்டருக்கு இன்டர்வியூ நடந்திருக்கு. மாஸ்டர் பாஸ். திங்கக்கெழம மாஸ்டர கொழும்புக்கு பஸ் ஏத்தி விடணும்."

"அடியே, வாய மூடு," என்று அம்மா அதட்டினார். "மாஸ்டரய்யா நல்லதுதான் செய்வாங்க."

மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அருகில் வந்தாள். அவள் முகம் மாறியது.

"மாஸ்டர், ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவங்க ஏதாச்சும் மெசேஜ் அனுப்பி, சம்மதமான்னு கேட்டாங்களா? நீங்க எதுக்காச்சும் ஓம் போட்டீங்களா?"

நான் தலையை ஆட்டினேன். "இல்லைப் பிள்ளை," என்றேன்.

இதை எழுதுவதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். முன்னே செய்தவற்றை முட்டாள்தனம் என்று சொல்லித் தப்பலாம். இது பொய். அவளுடைய அம்மா கும்பிட்ட கை இறங்குவதற்கு முன் என் பிழையை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம்.

அவள் ஏன் கேட்டாள் என்பது அடுத்த வாரம்தான் தெரிந்தது. அவள் வேறு எங்கும் விண்ணப்பிக்கவில்லை என்று நான் அந்த இளைஞரிடம் சொன்னேன் அல்லவா? விண்ணப்பித்திருந்தாள். ஒரு கம்பெனியின் இணையத்தளத்தில் நேரடியாக, நிரந்தரப் பதவிக்கு. முதல் நேர்முகம் போனில் முடிந்து, இரண்டாவதற்குக் கொழும்புக்கு வரச் சொல்லியிருந்தார்கள். என் யெஸ் போன கம்பெனியும் அதே கம்பெனி.

கம்பெனியின் ஆளணிப் பிரிவிலிருந்து ஒரு பெண் அவளுக்கு எடுத்துச் சிங்களத்தில், தங்கையைக் கூப்பிடுகிற மாதிரி நங்கி என்று கூப்பிட்டுச் சொன்னாளாம்: உங்கள் விபரம் எங்களிடம் இரண்டு தடவை வந்திருக்கிறது. ஒன்று நீங்கள் அனுப்பியது. மற்றது ஏஜென்சி அனுப்பியது, உங்கள் சம்மதத்தோடு என்று எழுதியிருக்கிறார்கள். ஏஜென்சியுடன் எங்களுக்கு ஒப்பந்தம் இருக்கிறது. உங்களை யார் கொண்டுவந்தது என்று தெளிவாகும் வரைக்கும் நேர்முகத்தை நிறுத்தி வைக்கிறோம். இன்னொன்று, நீங்கள் எங்களுக்குச் சொன்ன சம்பளமும் ஏஜென்சி சொன்ன சம்பளமும் ஒன்றல்ல.

அவள் கடையிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். சத்தம் போடவில்லை.

"மாஸ்டர், உங்க போனக் கொஞ்சம் தாறீங்களா?"

கொடுத்தேன். வாட்ஸப்பைத் திறந்து வாசித்தாள். என் யெஸ்ஸையும் அதன் கீழே நான் போட்டிருந்த கைகூப்பிய படத்தையும் நெடுநேரம் பார்த்தாள்.

"கும்பிட்டு வேற இருக்கீங்க," என்றாள்.

என் மனைவி அவளுக்குத் தேத்தண்ணி வைத்துவிட்டு, எனக்கு வைக்காமல் உள்ளே போனாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நம்பரை மேலே போட்டதையும் சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கியது. அது விழுவதற்குள் துடைத்துக்கொண்டு, "சரி, பேனாவ எடுங்க," என்றாள்.

அவள் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். முதல் வரியில் 'மிகத் தாழ்மையுடன் வேண்டிக்கொள்வது' என்ற பொருளில் தொடங்கினேன். முப்பத்தைந்து வருடப் பழக்கம்.

"மாஸ்டர், தாழ்மை எதுக்கு? நாம என்ன லீவா கேக்குறோம்? நடந்தத எழுதுங்க."

நடந்ததை எழுதினோம். நான் விண்ணப்பதாரி அல்ல. சம்மதம் கொடுத்தது நான், அவளுக்குத் தெரியாமல். சம்பளம் பற்றிச் சொன்னதும் நான். அவள் தன் விண்ணப்பத்தை அதற்கு முன்பே நேரடியாக அனுப்பியிருக்கிறாள், கம்பெனி அதற்கு அனுப்பிய பதில் மின்னஞ்சல் இத்துடன் இருக்கிறது. இதன் கீழே என் பெயரை எழுதிக் கையெழுத்திட்டபோது, ஓய்வு பெற்ற அதிபர் என்று சேர்க்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். பிறகு அவள் தனியாக ஏஜென்சிக்கு ஒன்று எழுதினாள்: அந்தச் சம்மதம் செல்லாது, இதுவரை என் விபரத்தை எந்தெந்தக் கம்பெனிக்கு, என்றைக்கு அனுப்பினீர்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள்.

மறுநாள் அந்த இளைஞர் எனக்கு எடுத்தார். அவள் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தபடி, அவளுடைய நம்பருக்கு எடுக்கச் சொன்னேன். அவர் எடுத்தபோது அவள் என் வீட்டில்தான் இருந்தாள்; மேசையில் போனை வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கு விரலைக் காட்டினாள்.

"மிஸ், இப்படிச் செஞ்சா கம்பெனிக்கிட்ட எங்க பேரு கெட்டுப் போகும்," என்றார் அவர்.

"எனக்குந்தாங்க கெட்டுப் போகுது. உங்க மேல கோவமில்ல. ஆனா நீங்க ஒரு தடவையாச்சும் என்கூடப் பேசினீங்களா? கீழ என் நம்பர் இருந்திச்சே."

"சேர் எல்லாம் சொன்னாரு, அதான்…"

"சேர் நல்லாச் சொல்லுவாரு. வேலை செய்யப்போறது நான்."

அவர் சிரித்துவிட்டார். பிறகு சிங்களத்துக்கு மாறி, கம்பெனிக்குத் தங்கள் பெயரில் போன விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார்; அவளும் சிங்களத்திலேயே பதில் சொன்னாள். சொன்னபடி செய்தும் விட்டார். எழுத்திலும் அனுப்பினார்.

ஆனால் அதற்குள் எட்டு நாள் போய்விட்டது. கம்பெனியிலிருந்து வந்த பதில் மரியாதையாகத்தான் இருந்தது. விஷயம் தெளிவாகிவிட்டது, வருந்துகிறோம், அந்த இடம் நிரப்பப்பட்டுவிட்டது. நிரந்தர வேலை. அவள் தானே தேடி, தானே பேசி, பாதி வழி போயிருந்த வேலை. அதற்குக் குறுக்கே ஒரு யெஸ்ஸைப் போட்டுவிட்டு நான் கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

அந்தச் செய்தியைச் சொல்ல அவள் வரவில்லை. அவளுடைய அம்மா வந்து சொன்னார். "விடுங்க மாஸ்டரய்யா, நீங்க வேணும்னேவா செஞ்சீங்க," என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டு வாரம் கழித்து அந்த இளைஞர் மறுபடி எடுத்தார், இந்தத் தடவை அவளுக்கு. தமிழும் சிங்களமும் அந்த மாதிரிச் சரளமாகப் பேசுகிற ஆள் கிடைப்பது கஷ்டம் என்பது அவருக்கு அந்த ஸ்பீக்கர் பேச்சிலேயே தெரிந்துவிட்டதாம். அவள் இதை என் மனைவியிடம் வந்து சொன்னாள். எனக்கும் கேட்கும்படி கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.

"ஒரு இன்ஸூரன்ஸ் கம்பெனியாம் டீச்சர்." என் மனைவி ஒரு நாளும் ஆசிரியை அல்ல, என்னைக் கட்டியதால் அவளுக்கு அந்தப் பட்டம். "முதல்ல கம்பெனி பேரச் சொல்லுங்க, அப்புறம் பயோடேட்டா அனுப்பலாம்னுட்டேன். சம்பளம் எவ்வளவு எதிர்பாக்குறீங்கன்னு கேட்டாரு. அவங்க எவ்வளவு ஒதுக்கியிருக்காங்கன்னு நீங்க சொல்லுங்கன்னேன்."

"சொன்னவரோ?"

"மொதல்ல சொல்லல. நான் சும்மா இருந்தேன். சும்மா இருந்தா அவங்களாவே பேசுறாங்க டீச்சர். இது மாஸ்டருக்கு வராது."

நான் பத்திரிகையை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

நேர்முகத்துக்கு, ருவன்வெல்லை வழியாகக் கொழும்பு போகும் பஸ்ஸில் அம்மாவோடு போனாள். ஒரிஜினல் சான்றிதழ்களைக் காட்டிவிட்டு, பிரதிகளை மட்டும் கொடுத்துவிட்டு, ஒரிஜினலைக் கையோடு கொண்டுவந்தாள். ஏஜென்சியில் ஒரு பெண் வைத்துவிட்டுப் போங்கள் என்று கேட்டதாகவும், "மழைக்குப் பொத்திப் பொத்தி பத்து வருசம் வச்சிருக்கோம், இனி உங்களுக்கு ஏன் அந்தத் தொந்தரவு," என்று தான் சிரித்துக்கொண்டே சொன்னதாகவும் பிறகு கேள்விப்பட்டேன்.

வேலை கிடைத்த செய்தி ஒரு வியாழக்கிழமை பகல் வந்தது. அவள் அப்போது என் வீட்டில் தம்பியின் விண்ணப்பம் ஒன்றைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தாள். ஆறு மாத ஒப்பந்தம், ஏஜென்சியின் பெயரில். சம்பளம் பரவாயில்லை. இன்றைக்கே சம்மதம் சொன்னால் திங்கட்கிழமை தொடங்கலாம், இல்லாவிட்டால் வேறு ஒருவரும் காத்திருக்கிறார் என்றார் இளைஞர்.

சொல்லு, ஓம் என்று சொல்லு என்று எனக்கு வாய்வரை வந்தது. ஒரு வேலையை இழக்கச் செய்தவன் நான். இதுவும் போய்விட்டால் அந்த லயத்துப் பக்கம் முகம் காட்ட முடியாது.

"கடிதத்த மொதல்ல மெயில்ல அனுப்புங்க," என்றாள் அவள். "வாசிச்சுட்டு நாளைக்குப் பத்து மணிக்குச் சொல்றேன்."

"மிஸ், மற்ற ஆள்…"

"அவங்களுக்கும் நாளைக்குப் பத்து மணி வரைக்கும் டைம் குடுங்க. பாவம்."

கடிதம் வந்தது. என்னிடம் நீட்டினாள். நான் ஒரு முழு நிமிடம் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"இங்கிலீசு உங்களோடது நல்லா இருக்கும் மாஸ்டர். வாசிச்சு என்ன எழுதியிருக்குன்னு மட்டும் சொல்லுங்க. நல்லதா கெட்டதான்னு நான் பாத்துக்குறேன்."

வரிவரியாகச் சொன்னேன். சம்பளம் தருவது ஏஜென்சி. ஈ.பி.எஃப் கட்டுவதும் ஏஜென்சி. விலகுவதானால் ஒரு மாதம் முன்னே சொல்ல வேண்டும். ஓர் இடத்தில் நின்றேன். ஒப்பந்தம் முடிந்து ஒரு வருடத்துக்கு, ஏஜென்சியின் சம்மதமின்றி அந்த இன்ஸூரன்ஸ் கம்பெனியில் நேரடியாகச் சேரக் கூடாது என்றிருந்தது. அதை அவசரமாகத் தாண்டிப் போயிருக்கலாம். அவள் கவனித்திருக்க மாட்டாள், வேலை கையில் வந்திருக்கும். அந்த யோசனை எனக்கு வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். வந்தது, ஆனால் வாசித்துச் சொன்னேன்.

"அப்ப நல்லா வேல செஞ்சு அவங்க பெர்மனன்ட் ஆக்கணும்னாலும் முடியாதா?"

"ஏஜென்சி விட்டால் முடியும். விடாட்டில் இல்லை."

மறுநாள் பத்து மணிக்கு அவள் அதைத்தான் கேட்டாள். கம்பெனி என்னை நிரந்தரமாக எடுக்க விரும்பினால் நீங்கள் தடுக்கமாட்டீர்கள், அதற்கான கட்டணத்தை என்னிடம் கேட்கமாட்டீர்கள், கம்பெனியோடு பேசிக்கொள்வீர்கள் என்று எழுதித் தாருங்கள். அது வழக்கம்தான், நாங்கள் யாரையும் தடுப்பதில்லை என்றார் இளைஞர். வழக்கம்தான் என்றால் எழுதுவது சுலபம்தானே என்றாள். மேலதிகாரியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

அந்தப் பகல் முழுவதும் போன் அடிக்கவில்லை. அவள் கடைக்குப் போய் வேலை பார்த்தாள். நான் இரண்டு தடவை சாமான் வாங்கும் சாட்டில் அவள் நிற்கும் கடைக்குப் பக்கத்துப் பலசரக்குக் கடைக்குப் போனேன். இரண்டாவது தடவை, "மாஸ்டர், வீட்டுல தீப்பெட்டியே இல்லையா? காலையிலயும் அதத்தான வாங்கினீங்க," என்றாள். மூன்றரை மணிக்குத் திருத்திய கடிதம் வந்தது. அந்த வரி மாற்றப்பட்டிருந்தது. அவள் கையெழுத்திட்டாள்.

இப்போது அவள் கொழும்பில் இரண்டு பெண்களோடு போர்டிங்கில் இருக்கிறாள். ஆறு மாதம் முடிய இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. கம்பெனி அவளை எடுக்குமா என்று தெரியாது. எடுத்தாலும், நான் கெடுத்த அந்த இடத்தில் இருந்திருந்தால் அவள் இந்நேரம் நிரந்தர ஊழியராக இருந்திருப்பாள், ஒவ்வொரு மாத முடிவிலும் நாள் எண்ண வேண்டியிருக்காது.

பொங்கலுக்கு வந்தபோது அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். முதல் தடவை, கடிதம் எழுதிய அன்று, நடந்ததைத்தான் சொன்னேனே தவிர மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லவில்லை. இல்லை என்று தலையாட்டியதற்காக, அதற்காகத்தான் முக்கியமாக, என்றேன். அவள் பொங்கல் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள். யோசிக்காமலே "பரவாயில்ல மாஸ்டர்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"இன்னும் கோவம் இருக்கு மாஸ்டர்," என்றாள். "கொறையும்போது சொல்றேன்."

ஓம் என்றேன்.